செட்டப் செலவும் இருப்புச் செலவும் சமமாக வரவில்லை

> ஆண்டுத் தேவை 24,000. தினம் 400 செய்கிறோம், 100 செலவாகிறது. செட்டப்புக்கு 1,000, ஒன்றை ஓராண்டு வைத்திருக்க 16. சூத்திரத்தில் போட்டால் ஒரு தடவை செய்ய வேண்டிய தொகுதி 2,000 என்று வருகிறது. ஆனால் செட்டப் செலவு 12,000, இருப்புச் செலவு 16,000. எங்கே தப்பு?

தொகுதி அளவு சரிதான், இருப்புச் செலவைத்தான் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்.

சராசரி இருப்பை 2,000-இல் பாதி என்று எடுத்திருப்பீர்கள். சரக்கு மொத்தமாக வந்து இறங்கினால்தான் அது பொருந்தும். இங்கே தினம் 400 வீதம் உற்பத்தி 5 நாள் ஓடுகிறது, அதற்குள் 500 வெளியே போய்விடுகிறது. உச்ச இருப்பு 1,500, சராசரி 750. 750 × 16 = 12,000.

ஓட்டம் முடிந்த அன்று மாலை கிடங்கில் எண்ணிப் பாருங்கள். தொடங்கும்போது இருந்ததைவிட 1,500 கூடியிருக்க வேண்டும். குறைந்தால் 400 என்பது காகிதக் கணக்கு. கழிவு போக நல்ல உருப்படிகளை மட்டும் வைத்து மறுபடி போடுங்கள்.

அதே இயந்திரத்தில் வேறு பொருளும் ஓடினால் இந்தச் சூத்திரம் மட்டும் போதாது. தினம் 100 வீதம் 2,000 தீர 20 நாள் ஆகும்; அந்தச் சுழற்சியில் மீதி 15 நாளில் அவை அடங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.