அச்சு செய்யாத பிழை

கேள்வி: விழாவுக்கு முந்தின இரவு நிறுவனத்தின் பிரசுரத்தில் அச்சுப்பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஊழியை பற்றி நான் எழுதிய சிறுகதையை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

பதில்: 'அச்சுப்பிழை' என்ற சொல்லுக்காகவே அனுப்பியிருப்பேன். எழுதியவர் தப்பாக எழுதுவார், மேலதிகாரி 'ஓகே' போட்டுக் கையெழுத்து வைப்பார், பழி மட்டும் அச்சுக்கு. இயந்திரம் கொடுத்ததைத்தானே அடித்தது? இதை இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒற்றுப்பிழை எண்ணி மாதாமாதம் எனக்குக் கடிதம் எழுதும் அன்பர்கூட இதில் மட்டும் என் கட்சி.

பிழையை நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள். 'நாளை முதல் களத்தில் இறங்குகிறோம்' என்பது 'இரங்குகிறோம்' ஆகிவிட்டது. திறப்பு விழாவிலேயே துக்கம்! இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் வாயைத் திறக்காது. அட்டையில் அத்தனை பெரிய எழுத்தில் இருந்தும் யார் கண்ணிலும் படாததும் உண்மைக்கு நெருக்கம். புரூஃப் பார்ப்பவர்கள் பொடி எழுத்தில் கண்ணைக் குத்திக்கொண்டு நிற்பார்கள், தலைப்பைப் பார்த்ததுமே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம்தான் கோளாறு. இரவு பதினோரு மணிக்கு அந்தப் பெண் அச்சகத்துக்கு ஓடுகிறாள், விடிவதற்குள் ஐயாயிரம் பிரதியும் புதிதாக வந்துவிடுகின்றன. எப்படி? வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக இருந்தால் கறுப்பு மைக்கான பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். நீங்களோ நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறீர்கள். அங்கே எழுத்து என்பது மை படாத இடம். அந்த நீலத்தை உண்டாக்கும் ஒவ்வொரு பிளேட்டையும் மாற்றியாக வேண்டும். சரி, மாற்றி அடித்தாயிற்று. மை காயுமுன் தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் நிழல்போல ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் முடித்துக் காலையில் கட்டிக் கொடுக்கும் அச்சகம் இருந்தால் முகவரி அனுப்புங்கள், எங்கள் இதழையும் அங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

நடக்கக்கூடியது வேறு. விழாவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இருநூறு பிரதி டிஜிட்டலில் அடிக்கலாம், மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் புரூஃபில் கையெழுத்துப் போட்டவரை அந்த நேரத்தில் எழுப்பியாக வேண்டும். அந்த போன் உங்கள் கதையில் இல்லை. அவளே அந்த புரூஃபை இரண்டு முறை படித்தவள் என்றும் வைத்தால், நம்பரைத் தேடும்போது கை என்ன பாடுபடும்! அதை எழுதி அனுப்புங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் ஒருமுறை அட்டையில் ஒட்டினோம். இதழை வாங்கியவர்கள் உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி, அடியில் என்ன இருந்தது என்பதைத்தான் படித்தார்கள்.