மாடியில் பேனர், கீழே அம்மா

கேள்வி: கும்பகோணத்தில் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறோம். மாடியில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவது என் வேலை. ஆடி, தீபாவளி, அட்சய திருதியை எது வந்தாலும் தினம் ஒரு தள்ளுபடிப் பேனர்தான். பின்தொடர்கிறவர்கள் குறைகிறார்கள். வேறு என்ன போடுவது? ஆடிப்பெருக்கு சமயத்தில் அம்மா ராத்திரி சாப்பிடாமல்கூடத் தாலி உருப்படி கோர்த்துக்கொண்டிருப்பார், அதனால் அவரிடம் யோசனை கேட்கவும் முடிவதில்லை.

பதில்: தம்பி, அம்மா கீழே பட்டினியாகக் கோர்க்க, நீங்கள் மாடியில் "சேதாரம் 3 சதவீதம் குறைவு" என்று வண்ணம் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் கீழே இறங்குங்கள். பெற்றவள் பக்கத்தில் உட்காராத பிள்ளைக்கு வியாபாரம் எப்படித் தெரியும்?

ஆடி பிறந்ததும் முதல் பதிவில் அம்மா கையை மட்டும் காட்டுங்கள், அவர் சம்மதித்தால். தாலியில் கயிறு நுழையும் வளையம் தேய்ந்து நூலாகியிருப்பதை எப்படிப் பார்ப்பது, குண்டின் துளை ஓரம் கூர்மையாகிக் கயிற்றை அறுப்பது எப்படி என்று அவரே சொல்லட்டும். ஆடி 18 அன்று கயிறு மாற்றப்போகிற பெண் அதைப் பார்த்ததும் தன் தாலியைத் தடவிப் பார்ப்பாள். நான்கு நாள் கழித்து, புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கும்போது குண்டு, காசு, பவளம் எந்த வரிசையில் வருகிறது என்று ஒரு பதிவு. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள், பாட்டிகள் வரை பதில் வரும். வாடிக்கையாளர் தாலியை மட்டும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

தள்ளுபடியை ஒரே ஒரு முறை, முடியும் தேதியோடு போடுங்கள். சதவீதம் யாருக்கும் புரியாது. 8 கிராமுக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 960 மில்லி, 9 என்றால் 720. ஆக ஒரு பவுனுக்கு 240 மில்லி மிச்சம் என்று எழுதுங்கள். அன்றைய தங்க விலையில் உங்களால் குறைக்க முடியாது, குறைவதெல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். அதையே தினமும் குறைத்தால், முன்பு கூட்டி வைத்திருந்தான் போல என்றுதான் ஜனம் நினைக்கும். அதற்கப்புறம் சலுகை பற்றி விசாரித்தவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும்.

லைக்கை எண்ணாதீர்கள். "எத்தனை நாளாகும்?" என்று கேட்பவர் வாங்க வருகிறவர். "எவ்வளவு குறைப்பீங்க?" என்பவர் இன்னும் மூன்று கடையிலும் கேட்பார். முதல் கேள்வி கூடினால் பதிவு சரியாகப் போகிறது.

தீபாவளிக்கும் இதே கணக்குத்தான். நம் பக்கம் குறுவை அறுத்துக் காசு வந்த பிறகுதான் நகை யோசனை வரும். அதற்கு முன்னால் பேனர் போட்டு என்ன பிரயோஜனம்?

அப்புறம், ஆடி 10க்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று இந்த வருஷம் பெரிதாக எழுதிப் போடுங்கள். ஆடி 17 ராத்திரியாவது அம்மா ஒன்பது மணிக்குச் சாப்பிடட்டும்.