டாக்ஸிக்கு நம்பிக்கை உண்டா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘ஹோப்ஃபுலி, த டாக்ஸி வில் கம் சூன்’ என்று எழுதினாள். டாக்ஸி எப்படி நம்பிக்கையோடு வரும் என்று டீச்சர் அடித்துவிட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. திருத்தி எழுதச் சொன்னேன். அது இலக்கணப் பிழைதானே? ஆங்கிலம் இப்படிச் சீரழிவது ஏன்?

வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இல்லை. பிள்ளை சரியாக எழுதியதை உட்காரவைத்துத் திருத்த வைத்தீர்கள் பாருங்கள், பிழை அங்கேதான். சீரழிவுப் புலம்பலை விட்டுவிடுவோம்.

டர்பனில் ஒரு பத்திரிகையில் நான் மெய்ப்புப் பார்த்த காலத்தில் எங்கள் தலைமை உதவியாசிரியர் ‘ஹோப்ஃபுலி’யைக் கண்டால் பேனாவை ஈட்டியாக்கிவிடுவார். அதே பக்கத்தில் ‘மெர்ஸிஃபுலி, நோ ஒன் வாஸ் ஹர்ட்’ என்று இருக்கும். அதைத் தொடமாட்டார். அங்கே யார் கருணையோடு காயம்படாமல் இருந்தார்கள்? கேட்டேன். “அது வேறப்பா” என்றார். என்ன வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

வேறே இல்லை. ‘ஷி வெய்ட்டட் ஹோப்ஃபுலி’ என்றால் எப்படிக் காத்திருந்தாள் என்று கேட்கலாம், நம்பிக்கையோடு. உங்கள் மகளின் வாக்கியத்தில் ‘டாக்ஸி எப்படி வரும்?’ என்று கேட்டால் ‘ஹோப்ஃபுலி’ பதிலாகாது. அது வருகையைப் பற்றிய சொல்லே அல்ல. முழு வாக்கியத்தின் மேல் உட்கார்ந்து, சொல்பவரின் மனசைச் சொல்கிறது. நாம் ‘நல்லவேளையாக மழை விட்டது’ என்கிறோமே, மழை விட்ட விதத்தையா சொல்கிறோம்?

விவரமறிந்தவர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள். ‘சேட்லி’யை ‘இட் இஸ் சேட் தட்’ என்று விரிக்கலாம், ‘இட் இஸ் ஹோப்ஃபுல் தட்’ வராது என்பார்கள். சரி, ‘இட் இஸ் தேங்க்ஃபுல் தட்’ மட்டும் வருமா? ‘தேங்க்ஃபுலி’யை விட்டுவிட்டு இதை மட்டும் பிடிப்பதற்குப் பெயர் இலக்கணம் இல்லை.

பழக்கம்தான். இந்தப் பயன்பாடு 1960களில் திடீரென்று பரவியது, கண்ணில் உறுத்தியது. அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி தன் எழுத்தாளர் குழுவிடம் கேட்டபோது அறுபதுகளின் கடைசியில் 44 சதவீதம் பேர் ஏற்றார்கள். 1986-ல் 27 தான். அதே 1986-ல் ‘மெர்ஸிஃபுலி’யை 60 சதவீதம் பேர் ஏற்றார்கள்! வாக்கிய அமைப்பு ஒன்றே, தீர்ப்பு இரண்டு. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக்கையேடு ‘ஹோப்ஃபுலி’யை இப்படி எழுத அனுமதித்ததே 2012-ல்தான்.

உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. எழுவாய் ஆளாக இருந்தால் குழம்பும். ‘ஹோப்ஃபுலி ஷி வில் வெய்ட்’ என்பதில் நம்புவது அவளா, நானா? சொல்லை முன்னால் வைத்துக் கமா போட்டால் பெரும்பாலும் நான்தான். கடைசியில் கமா இல்லாமல் வைத்தால் அவள். டாக்ஸி விஷயத்தில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. உங்கள் மகள் கமாவும் போட்டிருக்கிறாள்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பரீட்சையில் மார்க் முக்கியமென்றால் ‘ஐ ஹோப்’ என்று எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் வீட்டில் அவளிடம், முதலில் எழுதியது சரிதான் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.