நாடித்துடிப்பு 84: ஆயுள் குறையுமா?

வயது 43. கைக்கடிகாரம் ஓய்வு நேரத் துடிப்பை 84 என்று காட்டுகிறது. போன வருடம் 70-ஐத் தாண்டாது. 80-க்கு மேல் போனால் ஆயுள் குறையும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஏப்பம் வேறு அதிகம். வழக்கம்போல் சாப்பிட்டும் 4 கிலோ இளைத்தது மட்டும் நல்ல செய்தி. அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் அட்டெனோலாலில் பாதி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. மாத்திரை போட்டால் எண் இறங்கும், ஆபத்து இறங்காது. 2014-இல் வெளியான 'சிக்னிஃபை' ஆய்வில், இதய ரத்தக்குழாய் நோய் இருந்தும் இதயச் செயலிழப்பு இல்லாத 19,102 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் ஐவாபிரடின் கொடுத்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு குறைந்தது. மாரடைப்பும் இதயநோய் மரணமும் குறையவில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் கதை வேறு. அது உங்களுக்குப் பொருந்தாது.

காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. நார்வேயில், இதயநோய் இல்லாத 29,325 பேரின் துடிப்பைச் சுமார் 10 ஆண்டு இடைவெளியில் இருமுறை எண்ணி, பிறகு தொடர்ந்து கவனித்தார்கள். இருமுறையும் 70-க்குக் கீழே இருந்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 பேர் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். 70-க்குக் கீழிருந்து 85-க்கு மேல் ஏறியவர்களில் சுமார் 17 பேர். 'ஆபத்து இரு மடங்கு' என்று தலைப்புப் போட இது போதும். மீதி 9,983 பேரைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை! அந்த 17 பேரில் நீங்களும் ஒருவரா என்று எந்த ஆய்வும் சொல்லாது. உடலுழைப்புக் குறைவு, புகை என்று துடிப்பை ஏற்றும் பல காரணங்கள் இதயத்தையும் கெடுப்பவை. கணக்கில் அவற்றை முழுவதுமாகப் பிரித்தெடுக்க முடியாது.

ஒருவருக்கு 84 பிறவி இயல்பாகவே இருக்கலாம். உங்களுக்கு அப்படியில்லை, 70 ஒரே வருடத்தில் 84 ஆகியிருக்கிறது. கூடவே, குறைத்துச் சாப்பிடாமல் 4 கிலோ போயிருக்கிறது. நீங்கள் நல்ல செய்தி என்று எழுதிய இதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். தைராய்டு மிகையாகச் சுரந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டெனோலால் போட்டிருந்தால் துடிப்பும் நடுக்கமும் அடங்கி, நோய் மறைந்து வளர்ந்திருக்கும். ஏப்பத்தை விடுங்கள்.

காலையில் காபிக்கு முன், 5 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 3 நாள் போதும். துடிப்பு தாளம் தவறினால் அன்றே ஈசிஜி எடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரைப் பரிசோதனைகளும் ஈசிஜியும் செய்துகொள்ளுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிட்டுவந்தால் ரத்தம் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள். சில ஆய்வகங்களில் அது தைராய்டு முடிவையே பொய்யாக்கும்.