நந்தியைக் காணோம்

அன்புள்ள அண்ணா,

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் பண்ணவாடி நந்தியையும், தூரத்தில் சர்ச் கோபுரங்களையும் ஒரு கேமுக்கான கான்செப்ட் ஆர்ட்டாக ஃபோட்டோஷாப்பில் வரைகிறேன். சூரியன் வருவதற்கு முந்தைய நேரம், சோகமான சூழல். சேற்று வெடிப்புகளுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. கறுப்பு வெள்ளையிலும் பார்த்துவிட்டேன். ஆனாலும் படம் தட்டையாகவே இருக்கிறது. நந்தியின் கல்லுக்கு எந்த பிரஷ் வாங்கலாம்? படத்தை எந்தத் தளத்தில் போடலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். நந்தியைக் காணோம். வெளுத்த வானத்தில் இரண்டு கறுப்புக் கோபுரங்கள் மட்டும் நின்றன. படத்திலேயே பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, கண் நேரே அங்கே போய்விடுகிறது. நந்தியில் ஆயிரம் கீறல் போட்டாலும் அது திரும்பி வராது.

என் மாமா சேலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். முகத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் பெரிய பெரிய திட்டுகளாக அப்பிவிட்டு, சாரத்திலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, எதிர் டீக்கடையில் நின்று பார்ப்பார். அங்கிருந்து முகம் முகமாகத் தெரிந்த பிறகுதான் கண் இமைக்கே போவார். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கதாநாயகியின் அட்டிகைக்கு ஒவ்வொரு கல்லாக மினுக்கம் வைத்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. திரும்பி வந்தவர் திட்டவில்லை. என்னைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், "இப்ப முகம் தெரியுதா, நகை தெரியுதா?" என்று கேட்டார். அப்புறம் அவ்வளவையும் துணியால் துடைத்துவிட்டார். உங்கள் சேற்று வெடிப்புகளைப் பார்த்தபோது அந்தத் துணிதான் ஞாபகம் வந்தது.

சரி, கறுப்பு வெள்ளையில் பார்த்தேன் என்கிறீர்கள். `Desaturate` கொடுத்திருப்பீர்கள். அதை நம்பாதீர்கள். சுத்தமான மஞ்சளையும் சுத்தமான நீலத்தையும் அது ஒரே சாம்பலாக்கிவிடும். நம் கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சமானது, நீலம் இருட்டானது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, கறுப்பை நிரப்பி, அதன் மோடை `Color` என்று மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தேன். உங்கள் காவி மஞ்சள் நந்தியும் பின்னால் இருக்கும் சாம்பல் சேறும் ஒரே அடர்த்தி. நிறம் வேறாக இருப்பதால் பிரிந்து நிற்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆழம் வராததற்கும் காரணம் இந்த அடர்த்திதான். தூரம் கூடக்கூட நடுவில் காற்றும் ஈரமும் சேர்கின்றன. அதனால் தூரத்துக் கறுப்பு கறுப்பாக இருக்காது, வானத்தின் சாம்பலை நோக்கி வெளுக்கும். நீங்கள் மிதித்து நிற்கும் சேற்றின் இடுக்கிலும், அக்கரைக் கோபுரத்தின் ஜன்னலிலும் ஒரே கறுப்பை வைத்திருக்கிறீர்கள். பிறகு எப்படித் தூரம் வரும்? கறுப்பு 0, வெள்ளை 100 என்று வைத்துக்கொள்வோம். வானம் 70, மலை 62, கோபுரம் 52, முன்னால் உள்ள சேறு 35, நந்தி 20. இவை சட்டமல்ல, உங்கள் படத்துக்கு நான் போட்டுப் பார்த்த அளவுகள். கோபுரம் தானாகப் பின்னால் போய்விட்டது. அப்புறம் தண்ணீரின் விளிம்பை முன்னால் இழுத்து, நந்தியின் தலைக்குப் பின்னால் 65 அளவில் வெளிச்சமான தண்ணீர் வரும்படி செய்தேன். கொம்பும் திமிலும் அதன்மேல் வெட்டியெடுத்ததுபோல நின்றன. பெரிய தட்டை பிரஷ் ஒன்றுதான், இருபது நிமிடம்.

சோகம் வேண்டும் என்றால் அதுவும் இங்கேயே முடிவாக வேண்டும். சூரியன் வருமுன் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் மெல்ல இறங்கும். கூர்மையான நிழல் இருக்காது. நீங்களோ ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பக்கம் வெள்ளை விளிம்பும் மறுபக்கம் கறுப்பு நிழலும் வைத்திருக்கிறீர்கள். அது வெயில் சாய்ந்து அடிக்கிற நேரத்துச் சேறு. நீங்கள் சொல்லும் நேரத்தில் அந்த வெடிப்புகளில் முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாது. இரண்டு நாள் உழைத்தது அந்த நேரத்தில் இல்லாத ஒன்றுக்காக, தம்பி. எந்த வெளிச்சம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தால் அதை வரைந்திருக்கவே மாட்டீர்கள். கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த நந்தியின் முகத்தை நீங்கள் அவ்வளவு பிரியமாக வரைந்திருக்கிறீர்கள்.

எந்தத் தளத்தில் போடுவது என்பதைப் பிறகு பார்க்கலாம். வெடிப்பு லேயரை அணைத்துவிட்டு, நாலைந்து சாம்பல்களில் மட்டும் மூன்று சின்னப் படங்கள் போட்டு அனுப்புங்கள். ஒன்றில் தண்ணீர் நந்தியின் கழுத்துவரை இருக்கட்டும்.