கடிதம் வந்த மறுநாள் ராஜினாமா

கேள்வி: ஏழு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 12 நாட்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் பிரிவு மேலாளர் தொலைபேசியில் அழைத்து, "உங்களைத் தேர்வு செய்துவிட்டோம். ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இரண்டு மாதத்தில் வந்து சேர வேண்டும்" என்றார். சம்பளத்தையும் அவரே சொன்னார். இன்றுவரை கடிதம் வரவில்லை. எச்.ஆர். பிரிவில் கேட்டால், "அனுப்புகிறோம்" என்கிறார்கள். எனக்கு நோட்டீஸ் காலம் 60 நாள். நேற்று மேலாளர் மறுபடியும் அழைத்து, "கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எழுத்தில் தரச் சொன்னால், அவரை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ, கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கேட்கலாமா? எப்படிக் கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேளுங்கள், இன்றே கேளுங்கள். பணி நியமனக் கடிதம் கையில் கிடைக்கும்வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலாளர் அழைத்த பிறகு அந்த நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பயம் பெருமளவு விலகிவிடும். நேர்முகத் தேர்வு முடிந்ததும் மேலாளருக்கு உங்களைப் பிடித்துவிடுகிறது. உடனே தொலைபேசியை எடுத்துவிடுகிறார். உங்கள் கோப்பு அதற்குப் பிறகுதான் நகரத் தொடங்குகிறது. அந்தப் பணியிடத்துக்கு அனுமதி இருக்கிறதா, சொன்ன சம்பளம் அந்தப் பதவிக்குரிய வரம்புக்குள் வருகிறதா, நிதிப் பிரிவு சம்மதிக்கிறதா என்று இரண்டு மூன்று கையெழுத்துகள் விழ வேண்டும். பல நிறுவனங்களில் அவை எல்லாம் விழுந்த பிறகுதான் கடிதம் அச்சாகும். ஆகவே கடிதம் வந்துவிட்டது என்றால், வாக்குக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்று பொருள். உங்கள் மேலாளர் முழு மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்தக் கையெழுத்துகள் மட்டும் அவருடைய கையில் இல்லை.

நான் ஆள் எடுக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த நாட்களில் நடந்த ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. எங்கள் மேலாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை ஓர் இளைஞரை அழைத்து வேலை உறுதி என்று சொல்லிவிட்டார். இளைஞர் திங்கட்கிழமை காலையிலேயே பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தார். கோப்பு என் மேசைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. மேலாளர் சொன்ன சம்பளம் பதவியின் உச்சவரம்பைத் தாண்டியிருந்தது. நிதிப் பிரிவு திருப்பி அனுப்பியது. மேலாளர் விளக்கம் எழுதினார். மறுபடி திருப்பி அனுப்பினார்கள். இப்படி மூன்று வாரம் ஓடியது. பிறகு செலவைக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்து, அந்தப் பணியிடத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவரை அழைத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையதாயிற்று. ராஜினாமாவைத் திரும்பப் பெற அவர் முயன்றார். அதற்குள் அவர் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் அவர் பெயரில் எழுதப்பட்ட ஒரு வரிகூட இல்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மேலாளரும் தான் சொன்னதை மனதார நம்பித்தான் சொன்னார். இளைஞர் அந்தத் திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், சம்பளச் சிக்கல் அவர் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே வெளியே வந்திருக்கும்.

இனி எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். மின்னஞ்சலை எச்.ஆர். பிரிவுக்கு அனுப்புங்கள், மேலாளருக்கு நகல் வையுங்கள். உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். இப்போதைய அலுவலகத்தின் கணினியோ மின்னஞ்சலோ இதில் வரவே கூடாது. "தவறாக நினைக்க வேண்டாம்", "நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை" போன்ற வரிகளும் வேண்டாம். அவைதான் இல்லாத சந்தேகத்தை உருவாக்கும். பேச்சு முழுவதும் தேதியைப் பற்றியதாக இருக்கட்டும். அழைப்பு மார்ச் 3 அன்று வந்தது, இன்று மார்ச் 15 என்று வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச் 3 அன்று பிரிவு மேலாளர் தொலைபேசியில் அழைத்து, முதுநிலைக் கணக்காளர் பணியை எனக்கு வழங்குவதாகத் தெரிவித்தார். ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்றும் கூறினார். அதை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். இந்த விவரங்களில் மாற்றம் இல்லை என்பதை உறுதிசெய்து, பணி நியமனக் கடிதத்தை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். என் நோட்டீஸ் காலம் 60 நாள். கடிதம் கிடைத்த மறுநாள் ராஜினாமா கொடுப்பேன். மார்ச் 18க்குள் கடிதம் கிடைத்தால் மே 19 அன்று பணியில் சேர முடியும். அதற்குப் பின் வந்தால், சேரும் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்."

இதில் பதவியையும் சம்பளத்தையும் நீங்களே எழுதிவிடுகிறீர்கள். உள்ளே அந்தத் தொகை மாறியிருந்தால், அவர்கள் இப்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். "ஏற்கிறேன்" என்ற சொல், நீங்கள் பேரம் பேசவில்லை என்பதைத் தெளிவாக்குகிறது. ஆனால் உண்மையில் வேலை செய்வது கடைசி இரண்டு வரிகள்தான். இதுவரை "எப்போது கொடுப்பீர்கள்?" என்ற கேள்வி உங்கள் தலையில் இருந்தது. இனி அந்த நெருக்கடி அவர்களிடம் போகிறது. உங்களைச் சீக்கிரம் வரவழைக்க விரும்பும் மேலாளரே எச்.ஆர். பிரிவுக்கு நடந்து போய்க் கடிதத்தைக் கேட்பார். இது நடந்ததை நான் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். எழுத்தில் கேட்டதற்காக ஒருவரை வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

மின்னஞ்சல் அனுப்பியதும் மேலாளரையும் அழைத்துவிடுங்கள். "சார், கடிதம் வந்த மறுநாளே கொடுத்துவிடுகிறேன். எச்.ஆருக்கு எழுதி உங்களுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

வரும் பதிலை நிதானமாகப் படிக்க வேண்டும். "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று ஒரு கடிதம் வரலாம். அது வழக்கமானதுதான். அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். படிப்புச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, முந்தைய வேலைகளின் விவரம் ஆகியவை உங்களைச் சார்ந்தவை. நீங்கள் சொன்னது உண்மையாக இருந்தால் அவை பெரும்பாலும் தாண்டிவிடக்கூடியவை. முடிந்தால் அவற்றை ராஜினாமாவுக்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். இப்போதைய அலுவலகத்தில் விசாரிப்பதை மட்டும், நீங்கள் ராஜினாமா கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளும்படி எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "நிர்வாகத்தின் இறுதி ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று இருந்தால் கதை வேறு. அந்தக் கையெழுத்து இன்னும் விழவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பி ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஒப்புதல் வந்ததும் திருத்திய கடிதம் கேளுங்கள்.

"முதலில் ராஜினாமா கொடுத்த சான்றை அனுப்புங்கள், பிறகு கடிதம் தருகிறோம்" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு மட்டும் சம்மதிக்கவே வேண்டாம். கடிதம் வந்த மறுநாள் சான்றை அனுப்புவதாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நாள்தான் வித்தியாசம். அந்த ஒரு நாளைக்கூடத் தர மறுக்கிறார்கள் என்றால், அங்கே ஏதோ முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் "வாழ்த்துகள், வரவேற்கிறோம்" என்று மேலாளர் அனுப்பும் செய்தி போதாது. அதில் பதவியும் இல்லை, தொகையும் இல்லை. அச்சிட்ட கடிதம் தாமதமாகும் என்றால், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து, நியமிக்கும் அதிகாரம் உள்ளவர், முழு விவரங்களுடன் எழுதும் மின்னஞ்சலை ஏற்கலாம்.

மூன்று வேலை நாட்கள் போயும் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம்தான் என்றால் மேலாளரிடம் நேராகவே, "ஒப்புதல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "அனுப்புகிறோம்" என்ற பதிலோடு நின்றுவிடாமல், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பாருங்கள். அதுவரை இப்போதைய வேலையை எந்த மாற்றமும் இல்லாமல் செய்துவாருங்கள். அங்கே யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், நெருங்கிய தோழியிடம்கூட.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதம் கையில் இருந்தாலும் நிறுவனம் பின்வாங்க முடியும். அப்போது உங்களுக்கு என்ன ஈடு கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் மாறும். வாய்ச்சொல்லும் பல நாடுகளில் ஒப்பந்தமாகவே கருதப்படும். ஆனால் என்ன பேசினோம் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். எல்லாக் கையெழுத்தும் விழுந்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்கு நிறுவனம் பலமுறை யோசிக்கும். தொலைபேசியில் சொன்னதை மறப்பதற்கு அத்தனை யோசனை தேவைப்படுவதில்லை.

கடிதம் வந்ததும் சம்பளத்தில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு செயல்திறனைப் பொறுத்தது என்று பாருங்கள். தொலைபேசியில் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லியிருப்பார்கள். தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள் நோட்டீஸில் உங்களை அனுப்பலாம் என்பதையும், கடிதம் எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். சேரும் தேதி உங்கள் 60 நாள் நோட்டீஸ் முடிவதற்கு முன்பே வருகிறது என்றால், அதைத் திருத்தச் சொல்லி, திருத்திய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்திட்டு அனுப்பி, அது வந்து சேர்ந்ததாக ஒரு பதில் பெறுங்கள். மறுநாள் காலை ராஜினாமாவைக் கொடுங்கள். அதில் புதிய நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. கொடுக்கும் தேதியும், 60 நாள் கணக்கில் உங்கள் கடைசி வேலை நாளும் இருந்தால் போதும்.