பவுல் அடைத்துவிட்ட நடுவழி

கேள்வி: இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதை, அவருடைய போதனை சீடர்களின் உள்ளத்தில் மறுபடி உயிர் பெற்றது என்று பொருள்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அற்புதத்தை விட்டுவிட்டு, அன்பை மட்டும் வைத்துக்கொண்டும் ஈஸ்டர் கொண்டாடலாமே?

பதில்: கொண்டாடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அது வேறொரு பண்டிகையாக இருக்கும். உயிர்த்தெழுதலை நம்புவதும் மறுப்பதும் அவரவர் முடிவு. அது நடக்கவில்லை என்று நேராகச் சொல்பவர்மீது எனக்கு மரியாதை உண்டு. நடந்தது என்று முதலில் சொன்னவர்கள் எதைச் சொன்னார்களோ அதை நமக்கு வசதியான வேறொன்றாக மாற்றிக்கொண்டு, பிறகு அதை ஏற்பதாகச் சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் காட்டும் நடுவழியைப் பிற்காலத் திருச்சபை அடைக்கவில்லை. கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றான, நான்கு நற்செய்தி நூல்களுக்கும் முந்தைய ஒரு கடிதமே அதை அடைத்துவிட்டது.

கி.பி. 54 அல்லது 55-ஆம் ஆண்டளவில், எபேசு நகரத்தில் இருந்த அப்போஸ்தலர் பவுல், கடலுக்கு அப்பால் கொரிந்துவில் தாம் தொடங்கிய சபைக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். மரித்தோர் உயிர்த்தெழுவது என்பது இல்லை என்று அச்சபையில் சிலர் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் இயேசுவை விட்டு விலகியவர்கள் அல்லர். இயேசு எழுந்தார் என்பதைக்கூட அவர்கள் மறுத்ததாகத் தெரியவில்லை. உடலை ஆன்மாவின் சுமையாகவும் சாவை அந்தச் சுமையிலிருந்து கிடைக்கும் விடுதலையாகவும் கருதும் எண்ணம் கிரேக்க மொழி பேசிய அந்த உலகில் பரவியிருந்தது. விட்டு நீங்கிய உடலை மறுபடி பெறுவது அத்தகையோருக்கு நம்பிக்கையாகத் தோன்றியிருக்காது, சங்கடமாகத்தான் தோன்றியிருக்கும். உங்கள் விளக்கத்தை அவர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பவுல் அவர்களுக்குச் சொன்ன மறுமொழி, தாம் அவர்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்திருந்த ஒரு சிறு அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாளில் எழுப்பப்பட்டார், கேபாவுக்கும் பின்பு பன்னிருவருக்கும் காணப்பட்டார் என்பது அதன் சாரம். கேபா என்பது பேதுருவின் பெயர். இது தம்முடைய சொந்தக் கூற்று அல்ல, தாமும் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதே என்று பவுல் வெளிப்படையாகச் சொல்கிறார். தாம் மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குச் சென்று கேபாவுடன் 15 நாட்கள் தங்கியதையும், இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் அவர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே இந்த அறிக்கை, இயேசு சிலுவையில் அறையப்பட்ட சில ஆண்டுகளுக்குள் உருவானதாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதனோடு 500-க்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டதையும் பவுல் சேர்க்கிறார். அவர்களுள் சிலர் இறந்துவிட்டாலும் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். உள்ளத்தில் எழுந்த ஓர் உணர்வைப் பற்றிப் பேசுபவர், போய் விசாரிக்கத்தக்க சாட்சிகளைக் குறிப்பிட வேண்டிய தேவை என்ன?

ஒரு போதகர் கொல்லப்பட்ட பின் அவருடைய சொல் சீடர்களிடம் வாழ்ந்தால், அதைச் சொல்வதற்கு அன்றைய யூதரிடம் வேறு வழிகள் இருந்தன. இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒருவர் நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறார்: யோவான் ஸ்நானகன். அவரும் மக்களைத் திரட்டியவர், சீடர்களை உடையவர், ஆட்சியாளரால் அநியாயமாகக் கொல்லப்பட்டவர். அவர் உடலைச் சீடர்கள் எடுத்துக்கொண்டுபோய்க் கல்லறையில் வைத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அவருடைய போதனை அத்துடன் அழிந்துவிடவும் இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், யூதேயாவிலிருந்து வெகுதொலைவில் உள்ள எபேசுவில், யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்த சுமார் பன்னிரண்டு பேரைப் பவுல் சந்தித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. நீங்கள் சொல்லும் பொருளில் ஒருவர் 'உயிர்த்தெழுந்தார்' என்றால், யோவான் உயிர்த்தெழுந்துதான் இருந்தார். ஆனால் அவர் சீடர்கள் அப்படி அறிவித்ததாக எங்கும் காணோம். யோவான் திரும்ப எழுந்துவிட்டார் என்ற பேச்சு, மக்கள் சிலரின் வாயிலும் அவரைக் கொல்வித்த ஏரோதுவின் அச்சத்திலும் தலைகாட்டுகிறது; அது எந்தச் சபையின் நம்பிக்கையாகவும் ஆகவில்லை. தங்கள் குருவை அன்போடு நினைத்திருந்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். ஒரு தரப்பு மட்டுமே, அவர் எழுப்பப்பட்டார் என்று சொன்னது.

அப்படிச் சொன்னதும் எளிதில் கைக்கு எட்டிய சொல்லை எடுத்துச் சொன்னதன்று. உலகத்தின் முடிவில் கடவுள் மரித்தோர் அனைவரையும் எழுப்புவார் என்று யூதருள் பரிசேயர் என்ற பிரிவினர் நம்பினார்கள். சதுசேயர் என்ற பிரிவினர் அதை மறுத்தார்கள். இயேசு பின்னர் உயிரோடு எழுப்பிய லாசரு இறந்தபோது, கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்பதை அறிவேன் என்று அவன் சகோதரி மார்த்தாள் சொல்வது அந்தப் பொதுவான எதிர்பார்ப்பைத்தான். காலம் முடியாமல் நடந்துகொண்டிருக்கும்போதே, நடுவில் ஒருவர் மட்டும் எழுப்பப்படுவார் என்பது அந்த எதிர்பார்ப்பில் இல்லை. இயேசுவின் ஆன்மா கடவுளிடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று சீடர்கள் சொல்லியிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். கடைசி நாளுக்கு உரிய ஒன்று இப்போதே ஒருவரிடம் தொடங்கிவிட்டது என்று அவர்கள் சொன்னதுதான் புதுமை.

அந்தப் புதுமையை லாசருவின் கதையோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. லாசரு தன் பழைய வாழ்வுக்குத் திரும்பினான். அவன் மறுபடி ஒருநாள் இறக்க வேண்டியவனே. எழுப்பப்பட்ட கிறிஸ்து இனி மரிப்பதில்லை என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். நற்செய்தி நூல்கள் காட்டும் இயேசுவிடம் இதனால்தான் ஒரு விசித்திரமான இரட்டைத் தன்மை தென்படுகிறது. அவர் காயங்களைக் காட்டுகிறார், சீடர்கள் முன்னிலையில் மீன் உண்கிறார். ஆவியல்ல என்று நிறுவுகிறார். அதேவேளையில் பூட்டிய கதவுகளுக்குள் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு என்ற ஊருக்கு நடந்த சீடர் இருவர் வழிநெடுகப் பேசியும் அவரை அடையாளம் காணவில்லை. மரித்த அதே உடல், ஆனால் சாவுக்கு இனி உட்படாத நிலை. இதைச் சொல்லப் பவுல் விதையை எடுத்துக்கொள்கிறார்: விதைக்கப்படுவது வெறும் மணி, எழுவது பயிர், விதைத்தவன் கண்ட வடிவம் அதில் இல்லை, ஆனாலும் அது வேறொன்றும் அல்ல.

சான்றுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உயிர்த்தெழுந்த கணத்தை யாரும் பார்த்ததாக நான்கு நற்செய்தியாளர்களும் எழுதவில்லை. கல்லறைக்குச் சென்ற பெண்கள் யார் யார், அங்கே தோன்றியவர் ஒருவரா இருவரா, சீடர்கள் இயேசுவைக் கண்டது எருசலேமிலா கலிலேயாவிலா என்பதில் அவர்களின் விவரங்கள் ஒத்துப்போவதில்லை. காலியான கல்லறை மட்டும் எதையும் நிறுவிவிடாது. மரியாளே முதலில் யாரோ உடலை எடுத்துவிட்டார்கள் என்றுதான் அழுகிறாள், சீடர்கள் திருடினார்கள் என்ற பேச்சு பரவியதை மத்தேயுவே பதிவு செய்கிறார். பேதுருவும், இயேசுவின் ஊழியக் காலத்தில் அவரை நம்பாத சகோதரர்களில் ஒருவரான யாக்கோபும், முன்பு சபையைத் துன்புறுத்திய பவுலும் அவரைக் கண்டதாக உறுதியாக நம்பினார்கள் என்பதுவரை வரலாற்றாசிரியர் வரலாம். அந்த உறுதியைத் தோற்றுவித்தது எது என்பதில் வரலாறு தனியே தீர்ப்புச் சொல்ல இயலாது. 20-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் புல்ட்மன் போன்ற இறையியலாளர்கள், ஈஸ்டர் என்பது சீடர்களிடம் நம்பிக்கை பிறந்த நிகழ்வே என்று உங்கள் பக்கம் நின்று பேசியதும் உண்டு. திருச்சபைகள் தங்கள் விசுவாசப் பிரமாணங்களில் அறிக்கையிட்டு வருவது அதை அல்ல.

இனி, ஈஸ்டர் ஏன் இதன்மீது நிற்கிறது என்பதற்கு வருகிறேன். கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைப் பவுலே தயங்காமல் கணக்குப் பார்க்கிறார். எங்கள் அறிவிப்பு வீண், உங்கள் விசுவாசம் வீண்; நாங்கள் கடவுளைப் பற்றிப் பொய் சொன்ன சாட்சிகள்; நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களிலேயே இருக்கிறீர்கள்; கிறிஸ்துவுக்குள் இறந்தவர்கள் அழிந்தே போனார்கள். இவற்றுள் பாவத்தைப் பற்றிய கூற்றே பலருக்குப் புரியாமல் போகிறது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் கூறுகிறது. யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் அவரைக் குற்றவாளி என்றது, பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான்; அத்துடன் கதை முடிந்திருந்தால், அந்தத் தீர்ப்பே நிலைத்திருக்கும், ரோமர்கள் சிலுவையில் அறைந்த பலருள் அவரும் ஒருவராகியிருப்பார். கடவுள் அவரை எழுப்பினார் என்பது அந்தத் தீர்ப்பை மேல்நிலையில் மாற்றி எழுதியது. அதன் பிறகே, அந்தச் சாவு நமக்காக நேர்ந்தது என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரம் கிடைத்தது. பெரிய வெள்ளியின் பொருள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி வருகிறது. வெள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு அன்பைப் பேசினால், ஒரு நல்லவர் கொல்லப்பட்ட செய்திதான் மிஞ்சும்.

மற்றொன்று, இது இயேசுவோடு முடிந்துவிடுவதன்று. அறுவடையில் முதலில் கொய்து கடவுள்முன் படைக்கப்படும் கதிரைக் குறித்து, கிறிஸ்துவை மரித்தோரின் முதற்பலன் என்கிறார் பவுல். முதற்கதிர் வந்துவிட்டதென்றால் வயல் முழுவதும் அறுக்கப்பட இருக்கிறது என்று பொருள். மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்று அவர் கொரிந்தியரை மடக்குவது இந்தப் பிணைப்பை வைத்துத்தான். உள்ளத்தில் மட்டும் வாழும் ஓர் இயேசுவால், அன்று உயிரோடிருந்தவர்களுக்கு ஊக்கம் தர இயலும். ஏற்கெனவே இறந்து அடக்கம் செய்யப்பட்ட கொரிந்தியருக்கு அவரால் எதுவும் செய்ய இயலாது. பவுல் கவலைப்பட்டது அவர்களைப் பற்றியும்தான்.

அன்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். உயிர்த்தெழுதலைப் பற்றிய அந்த நீண்ட அதிகாரத்தை, கர்த்தருக்குள் நீங்கள் படும் பாடு வீணாகாது என்று முடித்த பவுல், அடுத்த வரியிலேயே எருசலேமில் வறுமையுற்றிருந்த விசுவாசிகளுக்கான நன்கொடையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்றபடி சேர்த்து வைக்க வேண்டும் என்றும், அதை வாரத்தின் முதல் நாளில், அதாவது இயேசு எழுப்பப்பட்டதாக அவர்கள் அறிக்கையிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையில், செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறார்.